எண்கள் நாம் வகுத்த விளையாட்டா?

எண்கள் மனிதன் உண்டாக்கிய வெறும் குறிகள்தானா, இல்லை, நாம் யாரும் இல்லாவிட்டாலும் இருப்பவையா? மதுரை தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து நண்பர் ஒருவரோடு இதைப் பற்றி நெடுநேரம் வாதாடினேன். அவர், கணிதம் விதிப்படி குறிகளை நகர்த்துவதுதான் என்னும் ஃபார்மலிசம் பக்கம். "கணிதமும் ஆடுபுலி ஆட்டம் மாதிரிதான் சார். மூணு புலி, பதினஞ்சு ஆடு, நகர்த்த சில விதி. அந்த விதிக்கு வெளியே புலின்னு ஒண்ணு கிடையாது. எண்ணும் அப்படித்தான்" என்றார். 0, 1, 2, 3 என்று போகும் இயல் எண்களைப் பொறுத்தவரை நான், அவை நாம் இல்லாவிட்டாலும் இருப்பவை என்னும் பிளேட்டோ பக்கம். அதற்குக் காரணம் குட்ஸ்டைன் தொடர்.

ஓர் எண்ணை 2-இன் அடுக்குகளின் கூட்டலாக எழுதுங்கள். அடுக்கில் வரும் எண்ணையும் 2-ஐ வைத்தே எழுத வேண்டும். அப்புறம் 2 இருக்கும் இடமெல்லாம் 3 போட்டு, வரும் விடையில் 1 கழியுங்கள். அடுத்த படியில் 3-ஐ 4 ஆக்கி 1 கழியுங்கள். இப்படியே போக வேண்டும். 3-இல் தொடங்கினால் 3, 3, 3, 2, 1, 0 என்று சட்டென முடிந்துவிடும். 4-இல் தொடங்கிப் பாருங்கள்: 4 என்பது 2². அது 3³ ஆகி, 1 போக 26. அடுத்து 41, 60, 83 என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் இதுவும் கடைசியில் பூஜ்யத்துக்கு வந்து சேரும். அதற்குள் கடக்கும் படிகளின் எண்ணிக்கையை எழுதவே 12 கோடி இலக்கங்களுக்கு மேல் வேண்டும்.

எந்த எண்ணில் தொடங்கினாலும் தொடர் பூஜ்யத்தில் முடியும் என்று கணிதவியலாளர் குட்ஸ்டைன் 1944-இல் நிரூபித்தார். வழி அழகானது. அடிமானம் வரும் இடமெல்லாம் எல்லா இயல் எண்களுக்கும் அடுத்து வருவதாகக் கணிதவியலாளர் கான்டர் வகுத்த முடிவிலா வரிசை எண்ணான ஒமேகாவை வைத்துப் பாருங்கள். அடிமானத்தை 2, 3, 4 என்று கூட்டுவது ஒமேகாவைத் தொடாது. 1 கழிப்பது மட்டும் ஒவ்வொரு படியிலும், ஒமேகாவை வைத்து எழுதிய வரிசை எண்ணைக் கீழே இறக்கும். வரிசை எண்களில் முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்க முடியாது, ஆகவே தொடர் நின்றே தீரும்.

1982-இல் கிர்பி, பாரிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் காட்டியதுதான் என்னை உலுக்கியது. கூட்டல், பெருக்கல், தொகுத்தறிதல் அடங்கிய, இயல் எண்களுக்கான பியானோ விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தேற்றத்தை நிரூபிக்கவே முடியாது, அந்த விதிகளுக்குள் முரண் இல்லாதவரை.

"சரி, பெரிய விதிகளுக்குப் போயிடலாம். கணக் கோட்பாட்டில் நிரூபணம் இருக்கே" என்றார் நண்பர். போகலாம்தான். ஆனால் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. "முடியாத குட்ஸ்டைன் தொடர் ஒன்று உண்டு" என்பதைப் பியானோ விதிகளோடு சேர்த்தாலும் முரண் வராது. எல்லாமே விதிதான் என்பவருக்கு இரண்டும் சமமான ஆட்டங்கள். எனக்கு அப்படி இல்லை. இரண்டாவது ஆட்டக்காரரிடம், எந்த எண்ணில் தொடங்கும் தொடர் முடியாது என்று கேளுங்கள். 5? 100? எந்தக் குறிப்பிட்ட எண்ணைச் சொன்னாலும், அதன் தொடர் முடியும் என்பதைப் பியானோ விதிகளே நிரூபித்துவிடும். அப்படியானால் அவர் சொல்லும் "எண்", பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் போய் அடைய முடியாத ஏதோ ஒன்று.

"முடிவுள்ள தடவை கூட்டி அடைவதுதான் எண், அப்படி அடைய முடியாததை நான் ஏற்க மாட்டேன்" என்று நண்பரே சொன்னார். என் வாதம் இங்கேதான் நிற்கிறது. அந்த "முடிவுள்ள" என்பதைப் பியானோ விதிகள் பிடித்து நிறுத்தவில்லை, அதனால்தானே இரண்டாவது ஆட்டமே சாத்தியமாயிற்று. அது மட்டுமல்ல, ஃபார்மலிசத்தில் நிரூபணம் என்றால் என்ன? விதிப்படி எழுதிய, முடிவுள்ள ஒரு குறி வரிசை. முடிவுள்ளது எது என்று முன்பே தெரியாதவர் நிரூபணம் எது என்றே சொல்ல முடியாது. ஆக, விளையாட்டைத் தொடங்கவே அவருக்கு இயல் எண்கள் தேவைப்படுகின்றன. விதியிலிருந்து எண் பிறக்கிறது என்பவர், விதியை எழுதும்போதே எண்ணைக் கையில் வைத்திருக்கிறார்.

என் பக்கத்துக்கும் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. தத்துவவாதி பால் பெனசெராஃப் 1973-இல் கேட்டது அது: எண்கள் இடத்திலும் காலத்திலும் இல்லாத பொருள்கள் என்றால், நம் மூளைக்கு அவை எப்படித் தெரிய வந்தன? இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் எப்படித் தெரிந்தது என்று விளக்க முடியாததால், தெரிந்த ஒன்றை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே உறுதியை எல்லாக் கணிதப் பொருளுக்கும் நீட்டவும் மாட்டேன். இயல் எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் நடுவே வேறொரு அளவு உண்டா என்ற கான்டரின் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக் கோட்பாட்டின் வழக்கமான விதிகளைக் கொண்டு "இல்லை" என்பதை மறுக்க முடியாது என்று 1938-இல் கேடல் காட்டினார், அதை நிரூபிக்கவும் முடியாது என்று 1963-இல் கோஹன் காட்டினார். இங்கே இரண்டு ஆட்டங்களில் எது போலி என்று கண்டுபிடிக்க என்னிடம் எந்த வழியும் இல்லை. நிரூபணம் என்றால் என்ன என்று சொல்வதற்கு இதன் விடை தேவைப்படவும் இல்லை. இந்தக் கேள்வியில் மட்டும் நண்பர் சொல்வது சரியாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.