பி.எச்.ஏ. கழிவு இல்லை, கையிருப்பு

"பி.எச்.ஏ. பிளாஸ்டிக் என்பது பாக்டீரியா வெளியே தள்ளும் கழிவு. வடிகட்டினால் கிடைத்துவிடும்."

இப்படி ஒருவர் எழுதியிருந்தார். ஒரு சின்னத் திருத்தம். பி.எச்.ஏ., அதாவது பாலிஹைட்ராக்ஸிஆல்கனோயேட், பாக்டீரியாவின் செல்லுக்கு உள்ளேயே மணிமணியாகச் சேரும் கார்பன் கையிருப்பு. கார்பன் உணவு தாராளமாக இருந்து நைட்ரஜனோ பாஸ்பரஸோ தீர்ந்துபோனால் பாக்டீரியா பெருக முடியாது. மிஞ்சும் கார்பனை இப்படிப் பூட்டி வைக்கும். குப்ரியாவிடஸ் நெகேட்டர் என்ற பாக்டீரியாவில் உலர் எடையில் 80 சதவீதம்கூட இதுவாக இருக்கலாம். இதைக் 'கொழுப்பு மாதிரி' என்றும் சொல்கிறார்கள். சேமிப்பு வேலையில் சரி, ஆனால் பொருள் பாலியெஸ்டர். உருக்கி வார்க்கலாம், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றும் தீர்க்கும். பிளாஸ்டிக் தயாரிப்பாளர்கள் கண் வைப்பது அதனால்தான். செல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், செலவு ஏறுவதும் அங்கேதான்.

இதைச் சரிபார்க்க, சூடான் பிளாக் என்ற சாயமிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள், செல்லுக்குள் கருமணிகள் தெரியும். அந்தச் சாயம் கொழுப்பையும் பிடிக்கும், அதனால் அது மட்டும் போதாது. அப்புறம் அதே செல்களைக் கார்பன் இல்லாத, நைட்ரஜன் உள்ள கரைசலுக்கு மாற்றுங்கள். நாளாக ஆக மணிகள் சுருங்கும், பாக்டீரியா அவற்றைத் தின்பதால்.

இந்தப் பிளாஸ்டிக் எத்தனை நாளில் மட்கும் என்றால், தடிமன், வெப்பம், ஈரம் பொறுத்தது. அது தனிக் கதை.