மேற்கோள் சரி, தீர்ப்பு தப்பு

போன வாரம் ஒரு ஜூனியர் தயாரித்த சட்டக் குறிப்புச் சுருக்கம் என்னிடம் சரிபார்க்க வந்தது. மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் பற்றியது, மொத்தம் பதினொரு சைட்டேஷன். வழக்கின் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் சரியாகவே இருந்தன. எல்லாமே உண்மையில் உள்ள தீர்ப்புகள். ஆனாலும் மூன்று இடங்களில் தவறு: இரண்டில் அந்தத் தீர்ப்பு சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதியிருந்தது, ஒன்றில் பின்னால் திருத்தப்பட்டதைப் பழையபடியே எழுதியிருந்தது. எழுதியவர் சோம்பேறி இல்லை, நன்றாகப் படிக்கிற பெண். அதனால்தான் இந்த மூன்றையும் விவரமாக எழுதலாம் என்று தோன்றியது. சைட்டேஷன் சரிபார்ப்பது என்றால் பக்க எண்ணை ஒத்துப் பார்ப்பது என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் பின்னணி. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, கணினியிலிருந்து எடுத்த நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் கேட்டது. அந்தக் கருவிக்கோ அந்த வேலைக்கோ பொறுப்பானவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், சான்றிதழ் இல்லாத நகலை ஏற்க முடியாது என்றார்கள். 2018-இல் ஷஃபி முகமது வழக்கில் இரண்டு நீதிபதிகள் அதைத் தளர்த்தினார்கள். கருவி தன் வசம் இல்லாதவரிடம் சான்றிதழ் கேட்க முடியாது, நீதியின் நலன் கருதி நீதிமன்றம் விலக்கு அளிக்கலாம் என்பது அவர்கள் கருத்து. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, ஷஃபி முகமது தவறு, அன்வர்தான் சரி என்று முடித்து வைத்தார்கள். இப்போது 2023-ஆம் ஆண்டுப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு அந்த இடத்துக்கு வந்துவிட்டது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய தீர்ப்புகளை இன்னும் எல்லோரும் எடுத்துக்காட்டத்தான் செய்கிறார்கள்.

சரி, முதல் தவறு. டிராஃப்டில் இப்படி இருந்தது: கருவி தன் வசம் இல்லாத தரப்பினரிடம் சான்றிதழ் கேட்க முடியாது என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் தீர்மானிக்கப்பட்டது. பக்கத்தைத் திறந்தால் அந்த வாசகம் அங்கேதான் இருக்கிறது! ஆனால் அது ஷஃபி முகமது தீர்ப்பின் வாசகம். எந்தத் தீர்ப்பை ரத்து செய்யப்போகிறார்களோ அதை முதலில் நீளமாக எடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் அது ஏன் தவறு என்று சொல்கிறார்கள். ஜூனியர் எடுத்தது எடுத்துப்போட்ட பகுதியை. ஒரு தீர்ப்பு எதைத் தவறு என்றதோ, அதையே அதன் முடிவாக எழுதிவிட்டார்.

இதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. அச்சில் எடுத்துக்காட்டும் பகுதி உள்ளே தள்ளி இருக்கும், எழுத்தும் சிறியதாக இருக்கும், கண் தானாகவே பிரித்துவிடும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் அந்தத் தள்ளல் போய்விடும். மேற்கோள் குறியோ இரண்டு பக்கம் முன்னால் திறந்திருக்கும். தேடல் பெட்டியில் சொல்லைப் போட்டு நடுவில் போய் விழுகிறவருக்கு, பேசுவது யார் என்று தெரிய வழியே இல்லை. வழக்கறிஞர் வாதங்களைப் பதிவு செய்யும் பத்திகளிலும் இதே கதைதான். வாதிட்டார் என்ற சொல் பத்தியின் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை வரும், மீதிப் பத்து வரியும் தீர்ப்பு மாதிரியே ஒலிக்கும்.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது. மேற்கோள் காட்டிய வாக்கியத்தைக் கண்டுபிடித்ததும் கீழே படிக்க மாட்டேன், மேலே போவேன். இதைச் சொல்வது யார் என்று தெளிவாகத் தெரியும் வரியை எட்டும் வரை. நீதிமன்றமா, வழக்கறிஞரா, கீழ் நீதிமன்றமா, பழைய தீர்ப்பா, தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதியா? அர்ஜுன் பண்டித்ராவிலேயே நீதிபதி ராமசுப்ரமணியன் உடன்பட்டுத் தனியாக எழுதிய பகுதி ஒன்று இருக்கிறது, பிற நாடுகளின் சட்டங்களோடு ஒப்பிட்டு. படிக்க அருமையாக இருக்கும். ஆனால் அதிலிருந்து ஒரு வரி எடுத்து 'நீதிமன்றம் தீர்மானித்தது' என்று எழுதினால் எதிர்த் தரப்பு சும்மா விடாது.

இரண்டாவது தவறு வேறு ரகம். டிராஃப்ட் சொன்னது: குற்ற வழக்கில் சான்றிதழைக் குற்றப்பத்திரிகையோடு சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல. அதே அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பைப் படித்தால் ஒரு பாதி உண்மை. விசாரணை தொடங்கும் முன்பே எல்லா ஆவணங்களும் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது பொதுவான நிலை என்று சொல்கிறார்கள். ஆனால் எந்தக் கட்டத்தில் சான்றிதழ் தர வேண்டும் என்று 65பி பிரிவு சொல்லவில்லை என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிப்பு வராது என்றால், விசாரணை முடிவதற்குள் பின்னால் தாக்கல் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம். தர வேண்டியவர் தர மறுத்தால், நீதிமன்றத்திடம் மனு போட்டு வரவழைக்கச் சொல்லலாம் என்கிற வழியும் அதில் இருக்கிறது.

சுருக்குகிறவர் கை முதலில் வெட்டுவது இந்த மாதிரிச் சொற்களைத்தான்: பொதுவாக, தகுந்த வழக்குகளில், இந்த வழக்கின் சூழ்நிலையில். வாக்கியத்தை இழுக்கும் கூடுதல் சொற்கள் போல அவை தெரியும். ஆனால் தீர்ப்பின் எல்லைக்கோடே அங்கேதான் இருக்கிறது. இந்தத் தவறை வேறொரு வழக்கிலும் அடிக்கடி பார்க்கிறேன். 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பை, மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக வரும் 498ஏ வழக்கில் கைது கூடாது என்று சுருக்கி எழுதுவார்கள். அந்தத் தீர்ப்பு கைதைத் தடை செய்யவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-வது பிரிவின் நிபந்தனைகள் நிறைவேறாமல் இயந்திரத்தனமாகக் கைது செய்யாதே என்றது. அதோடு, 498ஏ வழக்குகளுக்கு மட்டும் இல்லை, ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள மற்றக் குற்றங்களுக்கும் பொருந்தும் என்றும் சேர்த்துச் சொன்னது. ஒரே சுருக்க வரியில் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் போய்விடுகிறது.

மூன்றாவதுதான் எனக்கே பிடிபடத் தாமதமானது. அன்வர் தீர்ப்பின் 24-வது பாராவின் கடைசி வாக்கியத்தை ஜூனியர் எழுத்துக்கு எழுத்து சரியாக எடுத்துப் போட்டிருந்தார். அந்த வழக்கில் தேர்தல் பிரசாரப் பாட்டுகளும் அறிவிப்புகளும் சிடிகளில் நகலெடுத்துத் தாக்கல் செய்யப்பட்டன, சான்றிதழ் இல்லை. மூலச் சிடிகளையே கைப்பற்றிக் கொண்டுவந்திருந்தால் கதை வேறு என்கிறது நீதிமன்றம். அந்தப் பாராவின் முடிவில், மின்னணுப் பதிவையே சாட்சியச் சட்டத்தின் 62-வது பிரிவின்கீழ் முதன்மைச் சாட்சியமாகப் பயன்படுத்தினால் 65பி நிபந்தனைகள் தேவையில்லை என்று வருகிறது.

மூலத்தோடு ஒப்பிட்டேன், ஒரு காற்புள்ளி கூட மாறவில்லை. டிக் போட்டேன். ஆறு வருடம் கழித்து வந்த அர்ஜுன் பண்டித்ராவ் இதே வாக்கியத்தை எடுத்து, 62-வது பிரிவின்கீழ் என்ற சொற்கள் இல்லாமல் இதைப் படிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது என் நினைவுக்கு வந்தது அன்று மாலைதான். மூல ஆவணத்தையே கொண்டுவந்தால் சான்றிதழ் வேண்டாம் என்பது மாறவில்லை. மடிக்கணினியின் அல்லது கைபேசியின் உரிமையாளர் கூண்டில் ஏறி, இது என்னுடையது, நான் பயன்படுத்துவது என்று நிரூபித்தால் போதும் என்று உதாரணமும் கொடுத்தார்கள். ஆனால் அந்த வாக்கியத்தை இன்று பழைய வடிவத்தில் மேற்கோள் காட்டினால், திருத்தப்பட்ட ஒன்றைத் திருத்தாமல் காட்டுகிறோம். மூலத்தோடு ஒப்பிடுவது மட்டும் இதைப் பிடிக்காது. அந்தத் தீர்ப்பைப் பின்னால் யார் எடுத்துப் பேசினார்கள் என்றும் பார்க்க வேண்டும், குறிப்பாக அதே பாரா எண்ணைச் சொல்லி. வெறுமனே 'இன்னும் செல்லுமா' என்று பார்த்தால், அன்வர் செல்லும் என்றுதான் பதில் வரும். சிக்கல் ஒரே ஒரு வாக்கியத்தில் இருந்தது.

இடையில் ஒன்று. பாரா எண்ணும் நம்பக்கூடியதல்ல. நீதிமன்றத்தின் பிரதியில் ஒரு எண், சட்ட இதழில் வேறு எண் என்று வருவது சகஜம். எந்தப் பதிப்பு என்று எழுதாமல் பாரா எண் மட்டும் போட்ட டிராஃப்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தலைக்குறிப்பு இருக்கிறதே, ஹெட்நோட், அதைப் படித்தால் போதாதா என்று என் தலைமுறைக்காரர்களே கேட்கிறார்கள். போதாது. அது இதழின் ஆசிரியர் குழு எழுதியது, நீதிபதி எழுதியதல்ல. எந்தப் பாராவுக்குப் போகலாம் என்று வழிகாட்டும், அவ்வளவுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளோடு வரும் சுருக்கத்தின் மேலேயே, இது தீர்ப்பின் பகுதியல்ல என்று அச்சடித்தே தருகிறது.

என் முறை கொஞ்சம் தலைகீழ். டிராஃப்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மூலத்தைத் திறந்தால், மனம் அதையே அங்கே தேடும், தேடினால் கிடைத்தும்விடும். அதனால் சைட்டேஷனை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டிராஃப்டை மூடிவிடுவேன். தீர்ப்பில் சம்பந்தப்பட்ட பாராவையும் முன்பின் இரண்டு பாராவையும் படித்து, கேள்வி என்ன, பதில் என்ன, என்ன நிபந்தனையோடு என்று என் சொல்லில் ஒரு வரி எழுதுவேன். அப்புறம்தான் டிராஃப்டைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைப்பேன். வித்தியாசம் உடனே துருத்திக்கொண்டு நிற்கும். பதினொரு சைட்டேஷனுக்கு முக்கால் நாள் போனது. எல்லாவற்றுக்கும் இந்த அளவு வேண்டுமா என்றால், பின்னணிக்காகச் சும்மா பெயர் மட்டும் சொல்லியிருக்கும் வழக்குகளுக்கு வேண்டாம், பேசுவது யார் என்று பார்த்தால் போதும். வாதம் எதன் மேல் நிற்கிறதோ அதற்குக் கட்டாயம் வேண்டும்.

முடிவை மட்டும் பார்த்தும் ஏமாறலாம். அர்ஜுன் பண்டித்ராவில் மேல்முறையீடு தள்ளுபடி, உயர் நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்தது. வேட்புமனு தாமதமானதைக் காட்டும் வீடியோ சிடிகளுக்குச் சான்றிதழ் இல்லை, தேர்தல் அதிகாரியின் வாய்மொழிச் சாட்சியமே போதும் என்று உயர் நீதிமன்றம் எடுத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் வாய்மொழியே போதும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்று யாராவது எழுதினால், கேட்கச் சரியாகத்தான் இருக்கும். உண்மையில் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. வீடியோவைத் தள்ளிவைத்தாலும் மற்றச் சாட்சியங்கள் போதும் என்பதால்தான் முடிவு நிலைத்தது. சான்றிதழுக்குப் பதிலாகப் பொறுப்பாளரின் வாய்மொழிச் சாட்சியம் போதும் என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் ராமஜெயம் வழக்கில் 2016-இல் சொன்னதும் அதே தீர்ப்பில் ரத்தானது.

ஜூனியரிடம் மூன்று இடங்களையும் காட்டினேன். முதலாவதைப் பார்த்து முகம் சிவந்தார். மூன்றாவதைப் பார்த்துவிட்டு, சார், நீங்களும் டிக் போட்டிருக்கிறீர்களே என்றார். போட்டிருந்தேன். அந்த டிக்கை அடித்துவிட்டு, பக்கத்தில் 2020 தீர்ப்பின் பாராவை எழுதிக் கொடுத்தேன்.