பெயரைப் பார்த்த பிறகு பின் எண்

"கடையில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடைத்தானே ஸ்கேன் செய்தேன், பணம் எப்படி வேறொருவருக்குப் போனது?"

அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது ஒரு கணக்கின் முகவரி, அவ்வளவுதான். அது யார் மேசையில் இருக்கிறது என்பது செயலிக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அட்டைகள் இருந்தால், கேமராவில் எது முதலில் தெளிவாக விழுகிறதோ அதையே படித்துவிடும். பழைய கோடின் மேல் யாரோ தன் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். அட்டையின் ஓரம் தடித்தோ உரிந்தோ இருந்தால் கடைக்காரரிடம் உடனே சொல்லுங்கள், பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது.

அட்டையில் அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படித்து, "இது உங்கள் கணக்குத்தானே?" என்று கேளுங்கள். கடைப் பெயருக்குப் பதில் உரிமையாளர் பெயரோ, அவர் மனைவி பெயரோ வரலாம். அது தவறில்லை, ஆனால் அவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் தொகை. ஒட்டிவைத்த கோடில் பெரும்பாலும் தொகை இருக்காது, நாம்தான் தட்டுகிறோம். 250 ஒரு சுழியம் கூடி 2500 ஆகிவிடும். இரண்டையும் பார்த்த பிறகே பின் எண். அதைப் போட்டுவிட்டால் பணம் சில நொடிகளில் போய்விடும், நடுவில் நிறுத்த முடியாது.

அப்படியும் தவறிப் போனால், பரிவர்த்தனை எண்ணோடு அன்றைக்கே உங்கள் வங்கியிடம் புகார் கொடுங்கள்.