நான்கு சான்றிதழ்கள், ஒரே தையல் வகுப்பு

எங்கள் எதிர் வீட்டு அக்காவிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. பிறப்புச் சூராட், பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். அவற்றோடு நான்கு சான்றிதழ்கள். நான்குமே அரசாங்கம் நடத்திய ஒரே தையல் பயிற்சிக்குக் கொடுத்தவை. வருடம் மட்டும் வேறு.

ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை போட்டபோது பால்வெட்டுப் பெண்கள் பலருக்கு வேலை போனது. அவர்களுக்காக வந்தது இந்த வகுப்பு. அப்போது பக்கத்தில் ஒரு சட்டைத் தொழிற்சாலை இருந்தது, பயிற்சி முடித்தவர்களை எடுத்தார்கள். அந்த நேரத்துக்கு நல்ல திட்டம், நான் மறுக்கவில்லை. தொழிற்சாலை மூடிப் பல வருடமாகிறது. வகுப்பு மட்டும் வருடாவருடம் நடக்கிறது.

ஏன் நிற்கவில்லை? ஒருமுறை பதிவுப் பாரத்தை வாங்கிப் பார்த்தேன். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு செலவு என்று கட்டங்கள் இருந்தன. முடித்தவருக்கு வேலை கிடைத்ததா என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. இருபது இடமும் நிரம்பினால் மேலே போகும் அறிக்கையில் அது வெற்றி. ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் அடுத்த வருடம் வெட்டிவிடுவார்களோ என்ற பயம் அதிகாரிக்கு. தொடர்வதற்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, போன வருடத் தாளில் தேதியை மாற்றினால் போதும். நிறுத்த வேண்டுமானால் ஒருவர் கையெழுத்துப் போட்டு, பழியையும் ஏற்க வேண்டும்.

இதை மாற்றத்தான் காலாவதிப் பிரிவு. சட்டத்திலோ திட்டத்திலோ முடிவுத் தேதியை முதலிலேயே எழுதிவிடுவது. அந்தத் தேதிக்குள் யாராவது எழுந்து ‘தொடரட்டும்’ என்று சொல்லி ஒப்புதல் வாங்கவில்லை என்றால் அது தானாக முடிந்துவிடும்.

நம் மலேசியாவிலேயே உதாரணம் உண்டு. 2012-இல் வந்த சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தில், ஒருவரை 28 நாள் வரை காவலில் வைக்க இடம் கொடுக்கும் பிரிவுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டால்தான் நீளும். 2022 மார்ச் 23-இல் மக்களவையில் வாக்கெடுப்பு. ஆதரவு 84, எதிர்ப்பு 86. தீர்மானம் தோற்றது. அதே வருடம் ஜூலையில் மறுபடி கொண்டுவந்தார்கள், நிறைவேறியது. அதனால் அடுத்த கெடு 2027. இந்தப் பிரிவு வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குக் கருத்து உண்டு, அது வேறு பதிவு. முடிவுத் தேதி இல்லாமல் இருந்திருந்தால் அன்று யாரும் கை தூக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஆனால் தேதி மட்டும் போதாது. நாள் நெருங்கும்போது கையில் கணக்கு இல்லாவிட்டால், ‘திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்’ என்ற பயத்திலேயே நீட்டித்துவிடுவார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1977 முதல் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. அது அரசு அமைப்புகளைத் தொடரலாமா என்று ஆராயும், பெரும்பாலானவற்றின் முறை 12 வருடத்துக்கு ஒருதரம் வரும். முதலில் அந்த அமைப்பே தன்னைப் பற்றி அறிக்கை எழுதித் தர வேண்டும். குழுவின் அலுவலர்கள் அதைத் துருவிப் பார்ப்பார்கள், பொதுமக்களும் வந்து பேசலாம். அப்புறம்தான் சட்டமன்றம். அங்கேயும் சறுக்கல் உண்டு. 2019-இல் குழாய்த் தொழிலாளர்களுக்கு உரிமம் கொடுக்கும் வாரியத்தைத் தொடர வைக்கும் மசோதா நிறைவேறவில்லை. கடைசியில் ஆளுநர் தன் பேரிடர் அதிகாரத்தை வைத்து உத்தரவு போட்டு வாரியத்துக்கு உயிர் கொடுத்தார்.

சரி, நம் வகுப்புக்கு வருவோம். ‘நிறுத்தச் சொல்லி மனு போடலாமா அக்கா?’ என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ‘நிறுத்துனா அந்தக் காச நமக்கு வேற எதுக்காச்சும் குடுப்பாங்களா தம்பி? இதுவும் போயிரும். மூணு மாசம் அலவன்ஸ் வருது, நாலு பேர பாக்குறோம்.’

அவர் சொன்னதில் தவறே இல்லை. வேலை செய்யாத திட்டத்தைப் பயனடைகிறவர்களே காப்பாற்றுவது ஏன் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். முடிவு என்றால் பறிப்பு என்றுதான் தோட்டத்து மக்கள் பார்த்திருக்கிறார்கள். மரம் போனது, லயத்து வீடு போனது, பதிலுக்கு வர வேண்டியது வந்து சேரவில்லை.

அதனால் காலாவதித் தேதியோடு இன்னொரு வரியும் எழுத வேண்டும் என்கிறேன்: வகுப்பு முடிந்தால் அதே தொகை, அதே ஊரில், அதே பெண்களுக்கான அடுத்த திட்டத்துக்குப் போக வேண்டும். பாரத்தில், முடித்து ஆறு மாதம் கழித்து என்ன வேலை, என்ன சம்பளம் என்று இரண்டு கட்டம் சேர்க்க வேண்டும். மூன்று அணிப் பெண்கள் பயிற்சியை முடிக்கட்டும், அந்தக் கட்டங்களைக் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கட்டும். இதை மனுவாக எழுதியிருக்கிறேன். முதல் கையெழுத்து அக்காவுடையது. ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் இருப்பேன், வகுப்புக்குப் போனவர்கள் எல்லாரும் வாருங்கள், சான்றிதழையும் எடுத்து வாருங்கள்.