கதாநாயகன் பிழைப்பானா என்பது கேள்வியே இல்லை

குழந்தைகள் தொடர்களின் சீசன் முடிவுகளைப் பற்றிய சனிக்கிழமைக் கலந்துரையாடலில் என்ன நடந்தது என்பது இங்குள்ள பெரும்பாலானோருக்குத் தெரியும் என்பதால், அதை மீண்டும் விவரிக்கவில்லை. "சீசன் கடைசியில் ஹீரோ உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று விட்டுவிட்டால் போதும், குழந்தைகள் தானாக அடுத்த சீசனுக்கு வருவார்கள்" என்று அங்கே சொல்லப்பட்டதும், அதற்குக் கிடைத்த கைதட்டலும் இன்னும் என்னை உறுத்துகின்றன.

அடுத்த சீசன் அவன் பெயரிலேயே வரப்போகிறது என்றால், அவன் பிழைப்பான் என்பது ஏழு வயதுக் குழந்தைக்கும் தெரியும். விடை தெரிந்த கேள்வியைத் திறந்து வைப்பதால் யாரும் காத்திருக்கப் போவதில்லை.

2006 டிசம்பரில் ஒளிபரப்பான 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமேஷன் தொடரின் இரண்டாம் சீசன் இறுதி அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண் நாட்டின் தலைநகரான பா சிங் சேயின் அடியில் நடக்கும் சண்டையில், எதிரியான நெருப்பு நாட்டு இளவரசி அசூலாவின் மின்னல், அவதார் எனப்படும் கதாநாயகன் ஆங்கின் முதுகைத் தாக்குகிறது. அந்த இடத்திலேயே அத்தியாயத்தை முடித்திருந்தால் சனிக்கிழமைப் பேச்சாளர் மகிழ்ந்திருப்பார். எழுதியவர்கள் அப்படி முடிக்கவில்லை. அவன் தோழி கட்டாரா தன்னிடமிருந்த புனித நீரைக் கொண்டு அவனுக்குச் சிகிச்சை செய்கிறாள், அவன் கண் திறந்து லேசாகச் சிரிக்கிறான். உயிர் பற்றிய கேள்வியை அந்த அத்தியாயத்துக்குள்ளேயே மூடிவிட்டு, மண் நாடு வீழ்ந்துவிட்டது என்று அதன் அரசரே சொல்வதோடு முடிக்கிறார்கள்.

அவர்கள் திறந்து வைத்தது அசூலாவின் அண்ணன் சூக்கோவை, நாடு கடத்தப்பட்டு, வீடு திரும்ப ஏங்கிய இளவரசனை. பெரியப்பா ஐரோவின் பக்கமா, தங்கை அசூலாவின் பக்கமா என்ற கட்டத்தில் அவன் தங்கையின் பக்கம் நின்றான், ஐரோ சிறைப்பட்டார். பெரியப்பாவுக்குத் துரோகம் செய்துவிட்டேனே என்று அவன் கலங்கும் காட்சியை அதே அத்தியாயத்தில் வைத்து, விரும்பியதெல்லாம் கிடைத்தபின் இவன் என்ன ஆவான் என்று நம்மை யோசிக்க விட்டார்கள். மேலும், அந்தப் புனித நீரைக் கட்டாரா அதற்குச் சற்று முன்புதான் சூக்கோவின் முகத்தழும்பைக் குணப்படுத்தத் தர முன்வந்திருந்தாள். ஆகவே ஆங் பிழைத்திருக்கக்கூடும் என்பதை எதிரிகளின் பக்கத்தில் அறிந்தவன் அவன் ஒருவனே. 2007 செப்டம்பரில் மூன்றாம் சீசன் தொடங்கியதும், அவதாரைக் கொன்ற பெருமை அவன் தலையில் ஏற்றப்படுகிறது, அவனோ தான் அறிந்ததை அசூலாவிடம் மறைக்கிறான். ஒன்பது மாத இடைவெளிக்குப் பிறகும் கதை ஒரு நொடிகூடத் தடுமாறாமல் நகர்ந்ததற்கு இதுவே காரணம்.

'ஆர்கேன்' அனிமேஷன் தொடரின் முதல் சீசன், நகரத்தின் ஆட்சி மன்றத்தை நோக்கி ஏவுகணை பாய்வதோடுதானே முடிந்தது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த மன்றத்தில் இருந்தவர்களில் யார் வேண்டுமானாலும் இறக்கலாம் என்ற நிலை இருந்தது, மூன்றாண்டுகள் கழித்து வந்த இரண்டாம் சீசனில், நாயகிகளில் ஒருத்தியான கேட்லினின் தாய் உட்படச் சிலர் உண்மையாகவே இறந்திருந்தார்கள். மரணம் நிகழக்கூடும் என்றால் உயிர் பற்றிய கேள்வியும் நேர்மையான கேள்விதான். கொல்ல மனமில்லாதவர்கள் அதைக் கேட்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இதை நான் ஏட்டறிவால் சொல்லவில்லை. ஒரு குழந்தைகள் தொடருக்கு நான் எழுதிய இறுதி அத்தியாயத்தில், அண்ணன் பயந்துபோய் ஊரின் வரைபடத்தை எதிரியிடம் கொடுத்துவிட்டான், தங்கைக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியவரும்போது அவனை மன்னிப்பாளா என்பதே நான் விட்டுவைத்த கேள்வி. மன்னிக்கும் காட்சியையும் மன்னிக்காத காட்சியையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன், இரண்டிலிருந்தும் அடுத்த சீசனைத் தொடங்க முடிந்தது. நான் வைத்திருக்கும் ஒரே சோதனை அதுதான். தயாரிப்புத் தரப்பில் வரைபடத்தை எடுத்துவிட்டு, தங்கை செல்லும் படகு வெள்ளத்தில் கவிழ்வதோடு முடித்தார்கள். அடுத்த சீசனின் முதல் காட்சியில் அவள் ஒரு கிளையைப் பிடித்துக் கரையேறினாள், அதன்பின் அந்த வெள்ளத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முடிவு ஸ்டோரிபோர்டுக்குப் போய்விட்ட நிலையில் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனின் பக்கங்கள் என்னிடமே இருக்கின்றன.

குழந்தைகளுக்கு இவ்வளவு யோசிக்கத் தெரியாது என்று எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 'அவதார்' அத்தியாயத்தை என் அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். ஆங் கண் திறந்ததும் அவள் அவனை மறந்துவிட்டாள். "சூக்கோ ஏன் சித்தி பெரியப்பாவ விட்டுட்டான்?" என்று இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. அவளைப் போன்றவர்களுக்கு ஒன்றும் புரியாது என்று மேடையில் நின்று சொல்பவர்கள், அவர்களோடு உட்கார்ந்து ஒரு தொடரையாவது முழுதாகப் பார்த்திருக்கிறார்களா என்பதை எனக்குச் சொல்லட்டும்.