தேரோட்டத்துக்கு லீவு உண்டு, யாருக்கு?

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் என்றால் திருநெல்வேலி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. இது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஆனியிலும் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு ஸ்கூல் உண்டா?" என்ற கேள்வி வராமல் இருப்பதில்லை. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அறிவிப்பு வந்து சேரும் விதம் அப்படி.

மாநிலப் பொது விடுமுறைப் பட்டியலை அரசு முந்தைய ஆண்டே அரசாணையாக வெளியிட்டுவிடுகிறது. உள்ளூர் விடுமுறை அதில் இருக்காது. அதை மாவட்ட ஆட்சியர் தனியாக உத்தரவிட வேண்டும். உத்தரவு செய்திக்குறிப்பாகப் பத்திரிகைகளுக்குப் போகும், முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகத் தலைமை ஆசிரியர்களுக்குப் போகும். அங்கிருந்து வகுப்பாசிரியர், பிறகு பெற்றோர் குழு. இத்தனை கை மாறும்போது பெரும்பாலும் தலைப்பு மட்டும்தான் மிஞ்சுகிறது: "நெல்லை மாவட்டத்துக்கு விடுமுறை!" முக்கியமான வரிகள் எல்லாம் கீழே இருந்தவை, அவை வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

அந்த உத்தரவை ஒருமுறையாவது முழுசாகப் படித்துப் பாருங்கள். கடைசிப் பத்தியில், இந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டது அல்ல என்று ஒரு வரி இருக்கும். காசோலை, பிராமிசரி நோட்டு பற்றிய சட்டத்துக்கும் தேருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் இதுதான்: வங்கிகள் மூடுவது அந்தச் சட்டப்படி பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்ட நாளில். நான்கு ரத வீதியிலும் கூட்டம் நெரிந்தாலும், இந்த விடுமுறையைக் காட்டி வங்கி மூடாது. அன்றைக்குக் கட்ட வேண்டிய தவணையை அன்றைக்கே கட்ட வேண்டும். அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும், ஆனால் மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அவசர வேலைக்குக் கொஞ்சம் ஆட்களோடு இயங்கும்.

தனியார் கம்பெனிக்காரர்கள் நிலை வேறு. தொழில் நிறுவனங்களுக்கான 1958-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி தவிர ஐந்து பண்டிகை விடுமுறை கொடுக்க வேண்டும். அந்த ஐந்தில் தேரோட்டம் இல்லையென்றால், ஆட்சியர் உத்தரவைக் காட்டி லீவு கேட்க முடியாது. பிள்ளை வீட்டில் இருக்கும், அப்பா அம்மா வேலைக்குப் போவார்கள். இது முன்கூட்டியே தெரிந்தால் ஆச்சியை வரச் சொல்லலாம். முந்தின நாள் சாயங்காலம் தெரிந்தால் என்ன செய்வது?

எல்லைப் பிரச்சினை இன்னொன்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆலங்குளமும் பாவூர்சத்திரமும் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனால் ஆலங்குளத்திலிருந்து நெல்லைக்குத் தினமும் பஸ் ஏறி வரும் ஆசிரியர்களும் ஊழியர்களும் நிறைய. நெல்லை ஆட்சியர் அறிவித்தால் ஆசிரியைக்கு லீவு, ஆலங்குளத்தில் படிக்கும் அவர் பிள்ளைக்கு இல்லை. அலுவலகம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு, வீடு எங்கே என்பது கணக்கில்லை.

உதிர்ந்துபோகும் இன்னொரு வரி, ஈடுசெய்யும் வேலை நாள். விடுமுறைக்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று அதே உத்தரவில் தேதியோடு சொல்லியிருப்பார்கள். லீவு எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சனி நினைவிருக்காது. பெற்றோர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள், வகுப்பு பாதி காலியாக இருக்கும். விடுமுறை நாளில் பொதுத்தேர்வு இருந்தால் அதற்கு விடுமுறை பொருந்தாது என்றும் எழுதுவதுண்டு. தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இந்த வரி தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போலிச் செய்தியைப் பிடிக்கவும் இந்த வரிகளே போதும். ஈடுசெய்யும் சனிக்கிழமை இல்லாமல், ஆண்டு இல்லாமல் ஒரு படம் சுற்றினால் சந்தேகப்படுங்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். போன வருஷப் படம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மழை லீவோடும் இதைக் குழப்ப வேண்டாம். மழை லீவு வானத்தைப் பார்த்துவிட்டு விடியற்காலையில்கூட அறிவிக்க வேண்டியது, பெரும்பாலும் பள்ளி, கல்லூரிக்கு மட்டும்.

மழை திடீரென்று வரும். தேர் அப்படியா? கொடியேற்றினால் ஒன்பதாம் திருநாள் தேர் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். கொடியேற்றும் நாளையோ பஞ்சாங்கம் மாதக்கணக்கில் முன்பே சொல்லிவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரமும் தஞ்சாவூர் ஐப்பசி சதயமும் இப்படித்தான், நட்சத்திரம் பார்த்து வருபவை. பிறகு ஏன் கடைசி நேரம்?

என் கோரிக்கை சின்னது. அந்த ஆண்டுக்கான உள்ளூர் விடுமுறைகளையும் அவற்றை ஈடுசெய்யும் சனிக்கிழமைகளையும் ஜனவரியிலேயே ஒரே பக்கத்தில் மாவட்ட இணையதளத்தில் போடுங்கள். பள்ளி டைரியில் அச்சடித்துக்கொள்ளலாம், கம்பெனிகளும் பண்டிகைப் பட்டியல் போடும்போது பார்த்துக்கொள்ளும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் தள்ளலாம் என்பார்கள். சரி, கோயிலில் பத்திரிகை அடித்ததும் தேதி மாறியிருந்தால் ஒரு திருத்தம் போட்டால் போயிற்று.