இரவு ஷிப்ட்டும் மலச்சிக்கலும்: உண்மை விளக்கம்

"நைட் ஷிப்ட் பார்த்தாலும் காலை 6 மணிக்கே மலம் கழித்தாக வேண்டும், வராவிட்டால் தினமும் பேதி மாத்திரை போடுங்கள்."

இது தவறு. பெருங்குடல் தூக்கத்தில் அடங்கியிருந்து, விழித்ததும் சாப்பிட்டதும்தான் வலுவாகச் சுருங்குகிறது. ஷிப்ட் மாறும்போது அந்த ஒழுங்கு குலைகிறது. ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு விழிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலை 6 மணிக்கு வேலை முடித்து, 8 மணிக்குப் படுத்து, பிற்பகல் 3 மணிக்கு எழும் மில் தொழிலாளிக்கு அதுதான் காலை. எழுந்ததும் தண்ணீர், பிறகு உணவு. அரை மணி நேரத்துக்குள் கழிப்பறை. மேற்கத்திய கழிப்பறையானால் பாதங்களுக்குக் கீழே சிறு முக்காலி. பத்து நிமிடத்தில் வராவிட்டால் முக்காமல் எழுந்துவிடுங்கள். பகல் ஷிப்ட்டிலும் இதே வரிசைதான், நேரம் மட்டும் மாறும். வேலையிடத்தில் உந்துதல் வந்தால் தயவுசெய்து அடக்காதீர்கள். அடக்க அடக்க மலம் இறுகும்.

ரத்தம் கலந்தாலோ எடை குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.